பங்கை விற்காமலே சரிவைத் தாங்குவது எப்படி?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிந்து, வாக்குக் கணிப்புகள் வெளியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆளுங்கட்சி பெரும் வெற்றி பெறும் என்றே கணிப்புகள் எல்லாம் சொல்லின. சந்தை அதைக் கொண்டாடித் தீர்த்தது. அன்று ஒரே நாளில் நிஃப்டி 733 புள்ளிகள் ஏறி 23,263.90இல் முடிந்தது.

மறுநாள் காலை வாக்குப் பெட்டிகள் திறந்தன. எண்ணிக்கை வரவர, பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்பது தெளிவானது. நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,300க்கும் கீழே போய், கடைசியில் 21,884.50இல் நின்றது. ஒரு நாள் இழப்பு 1,379.40 புள்ளிகள், அதாவது 5.93 சதவீதம். அடுத்த மூன்று நாளில் நடந்தது அதைவிட விசித்திரம். வெள்ளிக்கிழமை சந்தை மூடும்போது நிஃப்டி 23,290.15இல் இருந்தது. விழுந்த இடத்திலிருந்து முழுமையாக எழுந்து, பழைய இடத்தையும் தாண்டிவிட்டது.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வாரம் ஒரு பாடப்புத்தகம். ‘ஹெட்ஜிங்’ என்று சந்தைக்காரர்கள் சொல்லும் காப்பு ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்ற இரண்டையும் இந்த வாரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு முதலீட்டாளரைக் கற்பனை செய்துகொள்வோம். பத்துப் பதினைந்து ஆண்டாகச் சேர்த்த பங்குகள், ஜூன் 3ஆம் தேதி மாலை நிலவரப்படி மதிப்பு 20 லட்சம் ரூபாய். அதில் தனியார் வங்கிகள் 5 லட்சம், பொதுத்துறை நிறுவனங்கள் 5 லட்சம், வாகனத் துறை 4 லட்சம், மென்பொருள் 3 லட்சம், சோப்பு பிஸ்கட் விற்கும் நுகர்பொருள் நிறுவனங்கள் 3 லட்சம். தேர்தல் முடிவு எப்படி வருமோ என்று அவருக்குப் பயம். எல்லாவற்றையும் விற்றுவிட்டால் பயம் தீரும். ஆனால் இத்தனை ஆண்டு லாபத்துக்கும் வரி கட்ட வேண்டும், தரகு கொடுக்க வேண்டும், பிறகு எப்போது திரும்ப வாங்குவது என்ற தலைவலி வேறு. நல்ல பங்குகளை விற்க மனமும் வராது. பங்குகளைத் தொடாமல், சந்தை விழுந்தால் மட்டும் பணம் தரக்கூடிய ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முடியும். தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் 2000ஆம் ஆண்டிலிருந்தும், நிஃப்டி ஆப்ஷன் 2001ஆம் ஆண்டிலிருந்தும் இருக்கின்றன. நிஃப்டி ஃபியூச்சர்ஸை இன்று விற்று வைத்தால், நிஃப்டி விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் பணம் வரும், ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் பணம் போகும். புட் ஆப்ஷன் வேறு மாதிரி. பிரீமியம் என்ற தொகையை முன்கூட்டியே கட்டிவிட்டால், நிஃப்டி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும்போது மட்டும் அந்த வித்தியாசம் கிடைக்கும். ஏறினால் கட்டிய பிரீமியத்தோடு நஷ்டம் முடிந்தது.

எதை எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு எடுப்பது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலோர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

20 லட்சத்துக்குப் பங்கு இருக்கிறது, எனவே 20 லட்சத்துக்கு நிஃப்டி விற்றால் போதும் என்று தோன்றும். நிஃப்டி ஒரு சதவீதம் விழும்போது இவருடைய பங்குகளும் சரியாக ஒரு சதவீதம் விழுந்தால் அந்தக் கணக்கு சரி. அப்படி விழுவதில்லை. நிஃப்டியின் அசைவுக்கு ஒரு பங்கு சராசரியாக எத்தனை மடங்கு அசைகிறது என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. பீட்டா 1.7 என்றால், நிஃப்டி ஒரு சதவீதம் விழும்போது அந்தப் பங்கு பொதுவாக 1.7 சதவீதம் விழும். பீட்டா 0.6 என்றால் 0.6 சதவீதம்தான்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கான வார முடிவு விலைகளை எடுத்து, ஒவ்வொரு வாரமும் எத்தனை சதவீதம் ஏறியது இறங்கியது என்று எக்செலில் போட்டுக்கொள்ள வேண்டும். ‘பி’ பத்தியில் நிஃப்டி, ‘சி’ பத்தியில் பங்கு என்றால், சூத்திரம் இதுதான்:

```
=SLOPE(C2:C105, B2:B105)
```

விலையைப் போட்டுவிடக் கூடாது, சதவீத மாற்றத்தைத்தான் போட வேண்டும். இதில் தவறியவர்கள் பலர்.

நம் முதலீட்டாளர் கணக்குப் போட்டதில் தனியார் வங்கிப் பங்குகளுக்கு 1.2, பொதுத்துறைக்கு 1.7, வாகனத்துக்கு 1.25, மென்பொருளுக்கு 0.9, நுகர்பொருளுக்கு 0.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மதிப்பையும் அதனதன் பீட்டாவால் பெருக்க வேண்டும். வங்கி 6 லட்சம், பொதுத்துறை 8.5 லட்சம், வாகனம் 5 லட்சம், மென்பொருள் 2.7 லட்சம், நுகர்பொருள் 1.8 லட்சம். கூட்டினால் 24 லட்சம். கையில் இருப்பது 20 லட்சம், ஆனால் சந்தை அசையும்போது அது 24 லட்சம் ரூபாய் நிஃப்டியைப் போல ஆடும். மொத்தத் தொகுப்பின் பீட்டா 24ஐ 20ஆல் வகுத்தால் வரும் 1.2. காப்பு எடுக்க வேண்டியது 20 லட்சத்துக்கு அல்ல, 24 லட்சத்துக்கு.

நிஃப்டி ஃபியூச்சர்ஸை ஒன்றிரண்டாக விற்க முடியாது, லாட் கணக்கில்தான் விற்க வேண்டும். அப்போது ஒரு லாட் 25. நிஃப்டி 23,264 என்றால் ஒரு லாட்டின் மதிப்பு ஏறத்தாழ 5.82 லட்சம். 24 லட்சத்தை 5.82 லட்சத்தால் வகுத்தால் 4.13. அதாவது 4 லாட். (ஃபியூச்சர்ஸ் விலை நிஃப்டியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கணக்கு புரிவதற்காக இங்கே இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்.)

மறுநாள் என்ன ஆகியிருக்கும்? நிஃப்டி 1,379.40 புள்ளி விழுந்தது. 4 லாட் என்பது 100 நிஃப்டி. ஆக ஃபியூச்சர்ஸில் வந்த லாபம் 1,37,940 ரூபாய். பங்குகள் பீட்டா சொன்னபடி விழுந்திருந்தால் நஷ்டம் 5.93 சதவீதத்தின் 1.2 மடங்கு, அதாவது சுமார் 1,42,300 ரூபாய். இரண்டையும் கழித்தால் மிஞ்சும் நஷ்டம் நாலாயிரத்துச் சொச்சம். 0.13 லாட்டை விட்டதன் விலை அது. வெறும் 20 லட்சத்துக்குக் கணக்குப் போட்டு 3 லாட் மட்டும் விற்றிருந்தால், 38,000 ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போயிருக்கும்.

இதுவரை எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருக்கும் வாக்கியத்தில் ‘பீட்டா சொன்னபடி விழுந்திருந்தால்’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அன்று பங்குகள் அப்படி விழவில்லை.

ஜூன் 4 அன்று அடி வாங்கியது பொதுத்துறைப் பங்குகள். அரசு பலவீனமானால் அரசின் மூலதனச் செலவும் குறையும் என்று சந்தை பயந்தது. ஸ்டேட் வங்கி, என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. எல்லாம் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்தன. பொதுத்துறை வங்கிகளின் குறியீடு சுமார் 15 சதவீதம் சரிந்தது. அதே நாளில் இந்துஸ்தான் யூனிலீவர் ஏறியது. கூட்டணி ஆட்சி என்றால் கிராமப்புறத்துக்குப் பணம் பாயும், சோப்பும் ஷாம்பூவும் நன்றாக விற்கும் என்ற நினைப்பில் நுகர்பொருள் குறியீடே ஏற்றத்தில் முடிந்தது.

நம் முதலீட்டாளரின் பொதுத்துறைப் பங்குகளைப் பாருங்கள். பீட்டா 1.7 கணக்கில் 10.1 சதவீதம், அதாவது சுமார் 50,400 ரூபாய்தான் போக வேண்டும். 15 சதவீதம் போயிருந்தால் நஷ்டம் 75,000. கூடுதலாகப் போன 24,600 ரூபாய்க்கு நிஃப்டி ஃபியூச்சர்ஸில் எந்தக் காப்பும் இல்லை. நுகர்பொருளில் நேர்மாறு. அங்கே 10,700 ரூபாய் போகும் என்று கணக்கு சொன்னது. ஒரு சதவீதம் ஏறியிருந்தால் 3,000 வந்திருக்கும். ஓரிடத்தில் கிடைத்தது இன்னோரிடத்தில் போனதைப் பாதிக்குமேல் ஈடுகட்டியது. பல துறைகளில் பரப்பி வைத்ததால் கிடைத்த பலன் இது. பணம் முழுவதும் பொதுத்துறையிலேயே இருந்திருந்தால், எத்தனை துல்லியமாக பீட்டா போட்டிருந்தாலும் காப்பு கிழிந்திருக்கும்.

நிஃப்டியை வைத்து எடுக்கும் காப்பு சந்தை மொத்தமும் விழுவதால் வரும் நஷ்டத்தை மட்டுமே ஈடுகட்டும். ஒரு நிறுவனத்துக்கோ ஒரு துறைக்கோ தனியாக வரும் கெடுதலுக்கு அது பொறுப்பேற்காது. உங்கள் தொகுப்பில் எது எவ்வளவு என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அதே எக்செலில் `=RSQ(C2:C105, B2:B105)` என்று போட்டுப் பார்த்தால் 0க்கும் 1க்கும் நடுவில் ஓர் எண் வரும். தனிப் பங்குக்குப் போடாமல், மொத்தத் தொகுப்பின் வாராந்தர மாற்றத்துக்குப் போட வேண்டும். 0.8க்கு மேல் வந்தால் தொகுப்பின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி நிஃப்டியோடு சேர்ந்து நடக்கிறது, காப்பு பிடிக்கும். 0.3 என்று வந்தால் பீட்டாவை நம்பிப் பயனில்லை. சிறு நிறுவனப் பங்குகளை மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த எண்ணே வரும்.

இப்போது வாரத்தின் மறுபாதிக்கு வருவோம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளில் நிஃப்டி 1,405 புள்ளி ஏறியது. 4 லாட் விற்று வைத்திருந்தவருக்கு இதனால் 1,40,565 ரூபாய் நஷ்டம். பங்குகள் ஏறியதால் கணக்கில் நஷ்டமில்லை என்பது உண்மை. ஆனால் ஃபியூச்சர்ஸ் நஷ்டம் ஒவ்வொரு நாளும் மாலை கணக்கிடப்பட்டு, ரொக்கமாகப் பிடிக்கப்படும். பங்கு ஏறிய லாபமோ டீமேட் கணக்கில் ஓர் எண்ணாக மட்டும் இருக்கும், அதை எடுத்து நஷ்டத்தைக் கட்ட முடியாது. பங்குகளை அடகு வைத்து மார்ஜினின் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம். அன்றாட நஷ்டத்துக்கு மட்டும் பணமாகத்தான் வைக்க வேண்டும்.

செவ்வாயன்று வந்த லாபத்தை அப்படியே கணக்கில் விட்டு வைத்தவர் தப்பித்தார். அதை வேறு செலவுக்கு எடுத்தவர் புதன்கிழமை மாலையே 73,585 ரூபாய் தேட வேண்டியிருந்திருக்கும். பணம் வராவிட்டால் தரகு நிறுவனம் ஃபியூச்சர்ஸ் நிலையை மூடிவிடும். காப்பு எடுத்தவர்கள் நொடிந்துபோவதற்குக் கணக்குத் தப்பானது மட்டும் காரணமாக இருப்பதில்லை, கணக்கு சரியாக இருந்தும் கையில் ரொக்கம் இல்லாமல் போவதும் ஒரு காரணம்.

வரியிலும் இதே இடறல் உண்டு. ஃபியூச்சர்ஸில் வந்த லாபம் தொழில் வருமானமாக வருமான வரிக் கணக்கில் சேரும். விற்காத பங்கில் காகிதத்தில் இருக்கும் நஷ்டத்தை அதற்கு எதிராகக் காட்ட முடியாது.

சரி, ஃபியூச்சர்ஸுக்குப் பதில் புட் ஆப்ஷன் வாங்கியிருந்தால்? ஜூன் 27 எக்ஸ்பைரி, 23,000 ஸ்டிரைக் புட்டை எடுத்துக்கொள்வோம். தேர்தல் பயத்தில் பிரீமியம் ஏற்கெனவே உயர்ந்திருந்த நேரம். உதாரணத்துக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு அதே பீட்டா கணக்குதான், 4 லாட். செலவு 35,000 ரூபாய். அன்றாடம் பணம் கட்டும் வேலை இல்லை, அதிகபட்ச நஷ்டம் முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

நிஃப்டி எக்ஸ்பைரி வரை 21,884.50லேயே நின்றிருந்தால் இந்தப் புட் 1,11,550 ரூபாய் தந்திருக்கும். பிரீமியம் போக 76,550. பங்கில் போனது 1,42,300. ஆக மொத்த நஷ்டம் 65,750 ரூபாய், தொகுப்பில் 3.3 சதவீதம். ஃபியூச்சர்ஸ் கிட்டத்தட்ட முழுவதையும் காப்பாற்றிய இடத்தில் புட் பாதிக்குச் சற்று மேல்தான் காப்பாற்றுகிறது. காரணம் எளிது. பிரீமியம் ஒரு பக்கம், 23,264இலிருந்து 23,000 வரை விழுந்த முதல் 264 புள்ளியை நாமே தாங்க வேண்டியது இன்னொரு பக்கம். வாகனக் காப்பீட்டில் முதல் சில ஆயிரத்தை நாமே கட்டுவது போல.

மலிவாக இருக்கிறதே என்று 22,000 ஸ்டிரைக்கை 120 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் செலவு 12,000தான். ஆனால் 21,884.50 என்ற எக்ஸ்பைரி கணக்கில் அது தருவது 11,550. நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்தும் போட்ட பணம்கூட முழுசாகத் திரும்பாது. அந்தப் புட் 2020 மார்ச் 23 போன்ற நாளுக்கானது. அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 சதவீதம் விழுந்தது.

பீட்டா கணக்கில் எடுத்த புட், சிறிய சரிவுகளில் ஃபியூச்சர்ஸைப் போல அசையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலே சொன்ன 23,000 புட், முதல் 100 புள்ளி சரிவுக்கு ஏறத்தாழ 37 ரூபாய்தான் ஏறும். சரிவு ஆழமாக ஆழமாகத்தான் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலைக்கு வரும். அன்றன்றைய ஆட்டத்தையும் ஈடுகட்ட நினைத்து லாட்டை இரண்டு மூன்று மடங்காக்கினால் பிரீமியமும் அத்தனை மடங்காகும். எக்ஸ்பைரி அன்று இருக்கும் தரைமட்டத்துக்காகத்தான் புட் வாங்குகிறோம் என்று தெளிவாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

புட்டின் அருமை தெரிவது ஜூன் 27 அன்று. அன்று நிஃப்டி 24,044.50இல் முடிந்தது. பீட்டா கணக்குப்படி பங்குகளில் லாபம் சுமார் 80,500. ஃபியூச்சர்ஸை விடாமல் வைத்திருந்தவருக்கு அங்கே 78,060 ரூபாய் நஷ்டம், கையில் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம். புட் வாங்கியவருக்கு 35,000 ரூபாய் பிரீமியம் மண்ணாய்ப் போனது, ஆனால் 45,500 ரூபாய் மிஞ்சியது. காப்பே எடுக்காதவருக்கு 80,500 முழுவதும். ஜூன் 4 அன்று அவர் பயந்து விற்காமல் இருந்திருந்தால் மட்டும்.

முழுக் காப்புதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. தொகுப்பின் பீட்டாவை 1.2இலிருந்து 0.6க்குக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு 2 லாட் விற்றால் போதும். விழுந்தால் பாதி அடி, ஏறினால் பாதி லாபம்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. ஆப்ஷன், ஃபியூச்சர்ஸ் வணிகத்தில் சிறு முதலீட்டாளர்கள் பணத்தை இழப்பதைப் பார்த்த செபி, குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று அதன் ஆய்வே சொன்னது. 2024 நவம்பரில் நிஃப்டி லாட் 25இலிருந்து 75 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 65.

சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த இது நல்ல முடிவு. நம் 20 லட்ச முதலீட்டாளருக்கோ சிக்கல். அதே 23,264 நிஃப்டியில் 65 லாட்டின் மதிப்பு 15.1 லட்சம். 24 லட்சத்தை அதால் வகுத்தால் 1.59. ஒரு லாட் எடுத்தால் 63 சதவீதம்தான் காப்பு. இரண்டு எடுத்தால் தேவைக்கு மேல் கால் பங்கு அதிகம். அந்த அதிகப்படியான கால் பங்கு காப்பு ஆகாது, சந்தை விழும் என்று கட்டிய பந்தயம். இப்படி நடுவில் மாட்டும்போது கீழே இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 8, 10 லட்சம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு லாட்டே அதிகம். அவர்கள் இந்தப் பக்கம் வராமல், பயம் வரும் காலத்தில் பங்கின் ஒரு பகுதியை விற்று ரொக்கமாக வைப்பதே சரி.

போதுமான தொகுப்பு இருப்பவர்கள் ஃபியூச்சர்ஸ் விற்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிஃப்டி ஒரே வாரத்தில் 1,400 புள்ளி ஏறினால் லாட்டுக்கு 91,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். மார்ஜின் போக அந்தப் பணம் தனியாக வங்கியில் இருக்கிறதா? இல்லையென்றால் புட் வாங்குங்கள். அதன் பிரீமியம் உறுத்துகிறது என்றால், காப்பு எடுக்காதீர்கள்.